முத்துமீனாவும் நாலு மார்க் கேள்வியும்

தமிழ்நாட்டில் பிறந்து, தமிழைத் தவிர வேறு பாஷையில் கனவுகூடக் காணாத ஒருத்தி தமிழ்ப் பாடத்தில் பெயிலானால் ஊர் சும்மா இருக்குமா? முத்துமீனாவை அவள் புருஷன் வீட்டுத் தெருவில் 'தமிழச்சி' என்றுதான் கூப்பிட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் மற்ற எல்லாப் பாடமும் தேறிவிட்டாள். தமிழில் முப்பத்து மூன்று. இரண்டு மார்க் போனதில் பதினோரு வருஷம் போயிற்று.

உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமத்து அங்கன்வாடியில் அவள் உதவியாளர். பருப்பு வேகவைப்பது, பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிடுவது, பாய் விரிப்பது எல்லாம் அவள் வேலை. அங்கே பணியாளராக இருக்கும் வயதான பெண்மணி ஓய்வுபெறப் போகிறார். அந்த இடத்துக்கு மனுப்போட வேண்டுமானால் பன்னிரண்டாவது தேறியிருக்க வேண்டும். தனித்தேர்வராகத் துணைத்தேர்வுக்குப் பணம் கட்டினாள். அந்த ஒரு பரிட்சைதான் அவளுக்கு வாழ்வும் சாவும் என்று நான் சொன்னால் மிகை என்பீர்கள். அவள் புருஷன் சிவபாண்டியோடு ஒருநாள் இருந்து பார்த்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

சிவபாண்டி லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். குடித்தால் அடிப்பான் என்று ஊரில் பேச்சு. பொய். குடிக்காவிட்டாலும் அடிப்பான். குழம்பில் உப்பு குறைந்தால் அறை, கூடினால் உதை. கல்யாணமான மூன்றாம் மாதம் அவள் முன்பல் ஒன்று ஆட்டோவின் பின்கதவில் பட்டு உடைந்தது. "வழுக்கி விழுந்துட்டேன்" என்று எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி அவளுக்கே அது பழக்கமாகிவிட்டது.

பள்ளியில் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள் சரண்யாதேவி. இப்போது மதுரை கே.கே. நகரில் ஒரு தனியார் பள்ளியில் தமிழாசிரியை. அவள்தான் போனில் கேள்வி அனுப்புவாள். முத்துமீனா நோட்டில் விடை எழுதிப் படம் எடுத்து அனுப்புவாள். எல்லாம் சரியாகத்தான் வந்தது, நயம் பாராட்டும் கேள்வி ஒன்றைத் தவிர. ஒரு பாட்டைக் கொடுத்து, மையக்கருத்தை எழுதி, ஏதேனும் மூன்று நயங்களை விளக்கச் சொல்லும் நாலு மார்க் கேள்வி அது.

அதற்கு முத்துமீனா கைடில் இருந்து ஒரு விடையை மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். வீரத்துக்குச் சேனை, பாட்டுக்கு மோனை என்று தொடங்கும். எந்தப் பாட்டு வந்தாலும் கவிஞர் சொல்நயமும் பொருள்நயமும் துலங்கப் பாடியிருப்பார். சுவை என்று கேட்டால், இயற்கை வந்தால் உவகை, போர் வந்தால் பெருமிதம், பெண் வந்தால் அழுகை. பாட்டைப் படிக்கவே வேண்டாம். ஊரில் பாதிப்பேர் இப்படித்தான் எழுதுகிறார்கள், நான் யாரையும் குறை சொல்லவில்லை.

பரிட்சைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது சரண்யாதேவி ஒரு புதுக்கவிதை அனுப்பினாள். முத்துமீனா அதை அழகான கையெழுத்தில் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

வருவேன் என்றாய், வாசலைத் திறந்து வைத்தேன்.
அடுப்பில் சோறு கருகியது, அணைக்கவில்லை.
கொடியில் உன் சட்டை காய்ந்து விறைத்து
தூக்கில் தொங்குபவன்போல் ஆடுகிறது.
விடியும்வரை அரிவாள்மணையைத்
தீட்டிக்கொண்டிருந்தேன்.
இனி வா.

கீழே விடை எழுதினாள். 'மையக்கருத்து: வரவேண்டியவனை எண்ணி ஒரு பெண் ஏங்கிக் காத்திருக்கிறாள். சுவை: அழுகை. அவள் அவனை நினைத்து உருகுகிறாள்.'

சரண்யாதேவி நாலுக்கு ஒன்று போட்டாள். உடனே போன் வந்தது.

"ஏய் மீனா, உருகுறான்னு எந்த வரில இருக்கு?"

"பொம்பள காத்துக் கெடந்தா உருகத்தானடி செய்வா?"

"அது நீயாச் சொல்றது. பாட்டு என்ன சொல்லுது? சுவை இன்னதுன்னா சான்று காட்டணும். எந்தச் சொல்லு, எந்தக் காட்சி, அது மனசுல என்ன பண்ணுது, இந்த மூணும் இல்லாட்டி மார்க் கெடையாது. திரும்ப எழுது."

திரும்ப எழுத அவளுக்கு நேரம் வாய்க்கவில்லை. மறுநாள் மத்தியானம் அவள் அங்கன்வாடியிலிருந்து வீட்டுக்குள் நுழைந்தபோது சிவபாண்டி கட்டிலில் உட்கார்ந்து அந்த நோட்டை விரித்து வைத்திருந்தான். ஒன்பதாவது வரை படித்தவன், எழுத்துக்கூட்டாமல் வாசிப்பான். வாசிக்கத் தெரிந்ததுதான் வினையாகப் போயிற்று. பெண்டாட்டி கையெழுத்தில் 'வருவேன் என்றாய், வாசலைத் திறந்து வைத்தேன்' என்று இருக்கிறது. கீழே 'அவனை நினைத்து உருகுகிறாள்' என்று இருக்கிறது. இதற்குமேல் அவனுக்கு என்ன வேண்டும்?

"எவன்டி அவன்?"

"எவன்? அது கவித. பரிட்சைக்கு..."

"கவிதயா? எவன் சட்டைடி நம்ம கொடியில காயுது?"

முதல் அடி காதோரம் விழுந்தது. அவள் அடுப்படிப் பக்கம் சாய்ந்தாள். முடியைப் பிடித்து வாசல்வரை இழுத்தான். தெரு வேடிக்கை பார்த்தது. சிவபாண்டி ஆட்டோவிலிருந்து ஜாக்கி லிவரை உருவிக்கொண்டு வந்தான். இரும்பு தலைக்கு வந்தது. அவள் வலது கையைத் தூக்கித் தடுத்தாள். மணிக்கட்டுக்கு மேலே எலும்பு முறிந்த சத்தம் எதிர்வீட்டுக்காரிக்குக் கேட்டதாம். அவன் இன்னொரு தடவை ஓங்கினான். அதற்குள் இரண்டுபேர் வந்து அவனைக் கட்டிப்பிடித்துவிட்டார்கள். எழுதுகிற கை. அவன் வேண்டுமென்றே அந்தக் கையை அடித்தானா என்று கேட்காதீர்கள். எந்தக் கை அகப்பட்டிருந்தாலும் அடித்திருப்பான், பாவி.

அரசு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட உட்கார வைத்திருந்தபோது சிவபாண்டியின் அக்கா பாண்டியம்மாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தாடையில் பழைய தழும்புள்ள பெரிய உருவம்.

"டாக்டரு கேட்டா வழுக்கி விழுந்தேன்னு சொல்லிரு, மீனா. போலீசு கேசுன்னு ஆனா அவன் லைசென்சு போயிரும்."

பின்னாலேயே சிவபாண்டியும் வந்துவிட்டான். கையில் நோட்டு.

"அக்கா, ஒனக்கு எழுத்துத் தெரியாது. நான் வாசிக்கிறேன் கேளு. கேட்டுட்டு நீயே சொல்லு, நான் அடிச்சது தப்பான்னு" என்றான். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்று, அத்தனை நோயாளிகள் முன்னால், அந்தக் கவிதையை அவன் உரக்க வாசித்தான். ஒவ்வொரு வரிக்கும் பல்லைக் கடித்தான்.

முத்துமீனா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதுவரை அந்தப் பாட்டை அவள் எழுதியிருந்தாளே தவிர, கேட்டதில்லை. கோபக்காரன் வாயில் கேட்டபோது அது கனகச்சிதமாகப் பொருந்தியது. கண்ணைத் திறந்து பாண்டியம்மாளைப் பார்த்தாள்.

"மதினி, நான் தப்பா எழுதிட்டேன்" என்றாள்.

"பாத்தியா, ஒத்துக்கிட்டா!" என்றான் சிவபாண்டி.

"ஏங்கி நிக்கிறான்னு எழுதினேன்ல, அது தப்பு. ஏங்குறவ சோத்தக் கருக விடுவாளா மதினி? கருகுது, அணைக்கலங்குறா. புருசன் சட்ட காத்துல ஆடுனா ஆசப்பட்டவளுக்கு அவன் நெனப்பு வரும். இவளுக்குத் தூக்குல தொங்குறவன் தெரியிறான். விடிய விடிய அருவாமணையத் தீட்டுறா, எந்தக் காய நறுக்க? கடைசில 'இனி வா'ங்குறா. இது அழுகையில்ல. வெகுளி. கொல்ற கோவம். வரிக்கு வரி சான்று இருக்கு, எனக்குத்தான் கண்ணு தெரியல."

பாண்டியம்மாள் தாடைத் தழும்பைத் தடவிக்கொண்டாள். பிறகு தம்பியைப் பார்த்துச் சொன்னாள்:

"அப்ப இது லெட்டருதான்னா, ஒனக்குத்தான்டா எழுதிருக்கு, கூறுகெட்டவனே."

தாழ்வாரத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். சிவபாண்டிக்கு அது பொறுக்கவில்லை. நோட்டை எறிந்துவிட்டு அவள்மேல் பாய்ந்தான். முத்துமீனா இடது கையால் பக்கத்திலிருந்த குளுக்கோஸ் கம்பத்தைப் பிடித்து அவன் நெஞ்சில் ஓங்கி இடித்தாள். அவன் தடுமாறிச் சுவரில் மோதினான். இரண்டாவது தடவை வாயில் இடித்தாள். ரத்தம் சட்டையில் கொட்டியது. மூன்றாவதுக்கு ஓங்கியவளை நர்சுகள் பிடித்துக்கொண்டார்கள். என்னைக் கேட்டால் மூன்றாவதையும் விட்டிருக்கலாம். நான் நியாயவான் இல்லை.

டாக்டர் பதிவேட்டைத் திறந்து, "எப்படிம்மா அடிபட்டுச்சு?" என்று கேட்டார்.

பாண்டியம்மாள் தலையைக் குனிந்துகொண்டு, "என் தாடைக்கும் வழுக்கி விழுந்தேன்னுதான் எழுதிருக்கு" என்றாள். முத்துமீனாவுக்கு அது போதும்.

"எம் புருசன் அடிச்சாரு. ஜாக்கி லிவரு. வாசல்ல வச்சு, ரெண்டு மணிக்கு. தடுத்தப்ப முறிஞ்சது. பாத்தவங்க பேரு சொல்றேன்" என்றாள்.

அப்படியே எழுதினார். போலீசுக்கும் தகவல் போயிற்று. சிவபாண்டியை அன்றைக்கே கூட்டிக்கொண்டு போனார்கள்.

கை முறிந்தவளுக்குச் சொல்வதை எழுதும் ஆசிரியர் கிடைப்பார், மருத்துவச் சான்றிதழ் வேண்டும் என்றாள் சரண்யாதேவி. லீவு போட்டுவிட்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்து, பரிட்சைக்கு இரண்டு நாள் முன்னால் அனுமதியும் வாங்கிவிட்டாள்.

முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். தமிழில் அறுபத்தொன்று. தேறிவிட்டாள், மனுவும் போட்டுவிட்டாள். ஆனால் நான் சொல்ல வந்தது அந்தத் தேர்வறையில் நடந்ததை.

தனி அறை. எழுத வந்தவர் ரோகிணி டீச்சர். கணக்கு ஆசிரியை. தமிழ் ஆசிரியரைத் தமிழ்த் தேர்வுக்கு எழுத விடமாட்டார்கள். முத்துமீனா சொல்வதை மட்டும் எழுதுவார், ஒரு சொல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. நயம் பாராட்டும் கேள்வி வந்தது. எட்டு வரிப் பாட்டு இப்படித் தொடங்கியது:

கண்மாய் நிறைந்ததடி தோழி – கரை
கடந்து வயல்நடந்து போகுதடி!
மண்மேல் மழைத்துளிகள் ஆடி – சின்ன
மணிகள் கொட்டிவிளை யாடுதடி!

மோனைக்குக் கண்மாய், கரை, கடந்து என்று சான்று சொன்னாள். எதுகைக்குக் கண்மாய், மண்மேல். சுவைக்கு வந்தபோது வாய் வரவில்லை. பதினோரு நாளாக எந்தப் பாட்டைப் படித்தாலும் அவளுக்குக் கோபம்தான் தெரிந்தது. இதிலும் தேடினாள். கண்மாய் கரை கடந்தால் ஊர் அழியும், பயிர் அழியும். வெகுளி என்று சொல்லிவிடலாம். சொல்லத்தான் அவளுக்கு ஆசை. முறிந்த கை கட்டுக்குள் விண்விண் என்று தெறித்தது.

"சொல்லுங்கம்மா" என்றார் டீச்சர்.

மறுபடி வாசித்தாள். கரையை உடைத்து என்று இல்லை. கடந்து என்று இருக்கிறது. வயலை அழித்து என்று இல்லை. நடந்து என்று இருக்கிறது. எட்டு வரியிலும் ஒரு ஆயுதம் இல்லை, ஒரு அடி இல்லை. யாரோ ஒருத்தி தோழியைக் கூப்பிட்டுத் தண்ணீரைக் காட்டுகிறாள். அவளை அடிக்க யாரும் வரவில்லை. அப்படியும் ஒருத்தி எங்கோ இருந்திருக்கிறாள், பாடியிருக்கிறாள். முத்துமீனாவுக்குக் கண்ணீர் கொட்டியது.

"உவகை" என்றாள்.

ரோகிணி டீச்சர் அழுகிற முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். சட்டப்படி அவர் ஒன்றும் கேட்கக் கூடாது. கேட்கவும் இல்லை. சொன்னபடியே எழுதினார்.

"சான்று: தண்ணீர் நடந்து போகிறது" என்றாள் முத்துமீனா.