எறும்பு, உளி, முட்டை

அவளை ஆலையில் எல்லோரும் மைக் அக்கா என்றுதான் சொல்வார்கள். கல்லூரியில் இரண்டு மொழிகளைப் படித்துவிட்டு, ஒருவர் பேசப்பேச இன்னொருவருக்குப் புரியவைப்பதையே தொழிலாக வைத்துக்கொண்டவள். மருத்துவமனை, கருத்தரங்கு, இயந்திரம் விற்க வந்தவர்களின் கூட்டம் என்று எங்கே கூப்பிட்டாலும் போவாள். மேடையின் ஓரத்தில் நிற்பாள். கைதட்டல் ஒருபோதும் அவளுக்கு வராது. ஏதாவது தவறினால் திட்டு மட்டும் நேராக அவளிடம் வரும்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் வீட்டு மாடி அறையில் இருந்தாள். அண்ணன் அதே ஆலையில், தகடுகளை அழுத்தி வெட்டும் பெரிய இயந்திரத்தில் வேலை செய்பவன். இரண்டு மாதமாக அவன் அவளோடு சரியாகப் பேசுவதில்லை. அந்த இயந்திரத்தில் அவனோடு ஜோடியாக நின்றவன் விசில். எந்நேரமும் ஏதாவது ஒரு பாட்டை விசிலடிப்பான், அதனால் அந்தப் பெயர். உற்பத்தி வேகமாக நடக்கவேண்டும் என்று இயந்திரத்தின் பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றி வைத்திருந்த ஒரு நாளில் விசில் அதில் சிக்கி இறந்துபோனான். கழற்றச் சொன்னது யார் என்று இன்றுவரை யாரும் வாய் திறக்கவில்லை. விசாரணையும் ஆமை வேகத்தில் நகர்ந்துகொண்டிருந்தது. அப்படியிருந்தும் நிர்வாகம் கூப்பிட்டால் அவள் போகிறாள் என்பதுதான் அண்ணனின் கோபம்.

அந்த நேரம் பார்த்துத்தான், தொழிலாளர்களுக்கு உற்சாகம் ஊட்ட வெளியிலிருந்து ஒரு பேச்சாளரை வரவழைத்தார்கள். அவர் ஆங்கிலத்தில் பேசுவார், இவள் தமிழில் சொல்லவேண்டும். செய்தி தெரிந்ததும் அண்ணன் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தான்.

"போவியா?"

"வேலைண்ணே."

"வேலையா? விசில் நின்ன இடத்துல சிரிச்சுக்கிட்டே இருங்கன்னு எவனோ வந்து சொல்லுவான். அதை நீ இனிக்க இனிக்கத் தமிழ்ல சொல்லுவ. நல்லா இருக்கு."

"அவர் சொல்றதைத்தான் நான் சொல்லுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்."

"பாப்போம்" என்று எழுந்து கை கழுவப் போனான். 

பேச்சின் சுருக்கம் முன்கூட்டியே வந்திருந்தது. அதை வாங்கிக்கொள்ளப் போனபோது நிர்வாக அதிகாரி, கண்ணாடிக்காரர், மேசையில் விரலால் தட்டிக்கொண்டே சொன்னார்: "மேடம், இவர் பேச்சுல பழமொழி நிறைய வரும். அவங்க ஊர்ப் பழமொழியை அப்படியே சொன்னா நம்ம ஆளுங்க முழிப்பாங்க. அதுக்கு ஈடா நம்ம பழமொழியைப் போட்டுடுங்க. கைதட்டணும். அவ்வளவுதான்."

"எல்லாத்துக்கும் ஈடு போட முடியாது சார். சிலதை விளக்கித்தான் சொல்லணும்."

"விளக்கம்னா கொட்டாவி விடுவாங்க. நீங்க கெட்டிக்காரின்னுதானே கூப்பிட்டோம்?"

அவளுக்கென்று ஒரு கணக்கு இருந்தது. பேசுகிறவர் ஒரு பழமொழியைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கடந்துபோனால், அதே கருத்துள்ள நம் பழமொழி ஒன்றைப் போடலாம். கேட்கிறவர்களுக்குச் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். ஆனால் அவர் அந்தப் பழமொழியில் வரும் பொருளையே பிடித்துக்கொண்டு மேலே பேசப்போகிறார் என்றால், அதை மாற்றக் கூடாது. அவருடைய பொருளையே வைத்து, அர்த்தத்தை எளிமையாகச் சொல்லவேண்டும். எது எப்படி என்று தெரிய, மேடை ஏறுவதற்கு முன் பேச்சாளரிடம் ஐந்து நிமிடம் உட்கார்ந்து கேட்டுவிடுவாள். அன்று கேட்க முடியவில்லை. கண்ணாடிக்காரர் அவரைத் தன் அறையில் காபியும் சிரிப்புமாக அடைத்து வைத்திருந்தார். அவள் கதவுக்கு வெளியே நின்று நின்று கால் கடுத்ததுதான் மிச்சம்.

கூடம் நிறைந்திருந்தது. ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இயந்திரங்களை நிறுத்தியதால் வந்த அமைதி காதை அடைத்தது. அண்ணன் மூன்றாவது வரிசையில் இருந்தான். அவனுக்குப் பக்கத்தில், விசில் எப்போதும் உட்காரும் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை.

பேச்சாளர் நல்ல உயரம், நல்ல குரல். விடாமுயற்சியில் தொடங்கினார். சொட்டுச் சொட்டாக விழும் தண்ணீரையும் கல்லையும் வைத்து அவர்கள் பக்கத்தில் வழங்கும் பழமொழியைச் சொல்லிவிட்டு, அவளைப் பார்த்துத் தலையசைத்தார். சுருக்கத்தில் அது ஒரே வரியாகத்தான் இருந்தது. போகிற போக்கில் சொன்னது என்று நினைத்தாள். கண்ணாடிக்காரர் முன்வரிசையில் புருவத்தைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று நம் பக்கத்தில் எல்லோரும் சொல்லும் பழமொழியைப் போட்டாள். நாலைந்து தலைகள் ஆடின. கண்ணாடிக்காரர் முகம் மலர்ந்தது.

அடுத்த நிமிடம் பேச்சாளர் பையிலிருந்து ஒரு கல்லை எடுத்தார். நடுவில் வழவழவென்று ஒரு குழி. வருடக்கணக்காகத் தண்ணீர் சொட்டி விழுந்த குழி. அதை முன்வரிசையில் கொடுத்து, ஒவ்வொருவரும் விரலை விட்டுப் பாருங்கள் என்றார். ஒரு சொட்டுக்கு என்ன பலம், அது தோற்றுப்போவதாக நினைக்குமா என்று அந்தச் சொட்டையே சுற்றிச்சுற்றிப் பேச ஆரம்பித்தார்.

 எறும்பை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? "தண்ணிச் சொட்டு" என்று தொடங்கினாள்.

"அக்கா, இப்பத்தானே எறும்புன்னீங்க?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"எறும்பு வாயில ட்ரில்லு மிஷின் வச்சிருந்துச்சுடா!"

கூடம் சிரித்தது. வேடிக்கைச் சிரிப்பு இல்லை அது. இன்னொருவன் எழுந்தே நின்றான். "அவரு வாட்டர்னு சொன்னது எங்க காதுலயே விழுந்துச்சு. நீங்க சொந்தமா எறும்பு விடுறீங்க. அப்ப மத்ததெல்லாம் என்ன விடுறீங்களோ? ஆபீஸ்ல எழுதிக் கொடுத்ததா?"

அண்ணன் சிரிக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். சிரித்திருந்தாலாவது தாங்கியிருப்பாள்.

மைக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "தப்பு என்னோடது. அவர் சொன்னது தண்ணியை வச்சு. எறும்பு நான் போட்டது. இனிமே அவர் சொல்றது மட்டும்தான் வரும்."

"பாப்போம் பாப்போம்" என்றது கூட்டம். அண்ணன் வீட்டில் சொன்ன அதே சொல்.

பேச்சாளருக்கு எதுவும் புரியவில்லை. கூட்டம் சூடு பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார் போல. கைகளை வீசி, இந்த ஆண்டு ஆலை எட்டிய உற்பத்தியைப் புகழ்ந்தார். அந்த உச்சியை எட்டிய வேகத்தைப் புகழ்ந்தார். பிறகு, சுருக்கத்தில் இல்லாத ஒன்றை, முட்டையை உடைக்காமல் ஆம்லெட் போட முடியாது என்று அவர்கள் சொல்லும் பழமொழியைச் சொல்லி, உள்ளங்கையை விரித்து நின்றார். விசிலைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை என்பது அந்த விரித்த கையிலேயே தெரிந்தது.

அவள் நாக்கின் நுனியில் உளி வந்து நின்றது. உளியையும் சிலையையும் வைத்து நம்மவர்கள் சொல்வது. அதைப் போட்டால் ஒருவரும் கோபப்படமாட்டார்கள். வலியைப் பற்றிய பேச்சு என்று பெருமூச்சு விடுவார்கள். கண்ணாடிக்காரருக்கும் அதுதான் வேண்டும். அவளுக்கும் மேடையை விட்டு முழுதாக இறங்கவேண்டும்.

ஆனால் உளி படுகிற கல்தான் கடைசியில் சிலையாகிறது. பட்ட அடிக்குப் பலன் பட்டவனுக்கே வருகிறது. இந்த ஆள் சொன்னது அது இல்லை. உடைகிற முட்டைக்கு ஆம்லெட்டில் ஒரு பங்கும் கிடையாது. சாப்பிடுகிறவன் வேறு ஆள். உளியைப் போட்டால், அவர் சொன்ன ஒன்றை நம் முன்னோர் சொன்னதாக மாற்றி, நம் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைத்ததாகிவிடும். மூன்றாவது வரிசையில் அந்தக் காலி நாற்காலி இருந்தது.

"முட்டையை உடைக்காம ஆம்லெட் போட முடியாதுன்னு அவங்க பக்கத்துல ஒரு பழமொழி உண்டு" என்றாள் நிதானமாக. "அதோட அர்த்தம் இதுதான்: பெரிய காரியம் நடக்கும்போது சில சேதம் ஆகத்தான் செய்யும். அதுக்காகக் காரியத்தை நிறுத்தக் கூடாது."



அண்ணன் எழுந்தான். "இது நீ சொல்றதா, அவர் சொல்றதா?"

"அவர் சொல்றது."

"கூட்டல, குறைக்கல?"

"இல்லைண்ணே."

"அப்ப அவர்கிட்டயே கேளு. இந்த ஆலையில உடைஞ்ச முட்டை யாருன்னு தெரியுமான்னு கேளு."

கண்ணாடிக்காரர் பாதி எழுந்து, "மேடம், அதெல்லாம் வேணாம், அடுத்ததுக்குப் போங்க" என்றார். அவள் பேச்சாளரின் பக்கம் திரும்பி, கேள்வியை ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் புன்னகையோடு கேட்டார், பிடிபடவில்லை. பழமொழியை ஓரம் வைத்துவிட்டு நேராகச் சொன்னாள்: இரண்டு மாதத்துக்கு முன் இங்கே ஒருவர் இயந்திரத்தில் சிக்கி இறந்துவிட்டார், கேட்கிறவர் அவரோடு வேலை செய்தவர், நீங்கள் சொன்ன சேதம் இறந்துபோன அவர்தானா என்று கேட்கிறார்.

பேச்சாளரின் கை மெல்லத் தாழ்ந்தது. கண்ணாடிக்காரரைப் பார்த்தார். தனக்கு இது தெரியாது, தெரிந்திருந்தால் சொல்லியிருக்கமாட்டேன் என்றார். அதையும் அவள் அப்படியே சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் மைக் செத்துவிட்டது. யாரோ பின்னால் இணைப்பைப் பிடுங்கியிருந்தார்கள். நாற்காலிகள் உரசின, எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். கல் எங்கோ கீழே விழுந்து உருண்டது.

கண்ணாடிக்காரர் அவளைப் படிக்கட்டில் மடக்கினார். "உங்க வீட்டுப் பகையை எங்க மேடையில தீர்த்துக்கிட்டீங்களா?"

"நான் சொன்னதுல எந்த வார்த்தை சார் தப்பு?"

"தப்பு வார்த்தையில இல்ல. நல்லதா ஒண்ணு போட்டிருக்கலாமே! எங்கயும் இனிமே உங்களைக் கூப்பிடாதபடி நான் பாத்துக்கறேன்."

"போட்டிருக்கலாம். அதுதான் தப்பாயிருக்கும்" என்றாள். அவருக்கு அது விளங்கவில்லை. விளக்க அவளுக்கும் தெம்பு இல்லை.

வெளியே வாசலில் அண்ணன் வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு நின்றான். அவள் கிட்டே போனதும் முகத்தைத் திருப்பாமலே கேட்டான்.

"அந்த எறும்பு. அது எதுக்கு?"

"கைதட்டணும்னு சொன்னாங்க. நானும் ஆசைப்பட்டேன்."

"ம்."

வண்டியைக் கிளப்பினான். ஏறு என்று சொல்லவில்லை. போகவும் இல்லை. அவள் பின்னால் உட்கார்ந்தாள்.  வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் சொன்னான், அதுவும் திட்டுகிற குரலில்:

"என்னை விசாரணைக்குக் கூப்பிடுவாங்க. விசாரிக்கிற அதிகாரிக்குத் தமிழ் தெரியாதாம். நான் சொல்றதை நீ வந்து சொல்லு. ஒரு பழமொழி போட்ட, தொலைச்சுடுவேன்."