பதினொன்றுக்குக் கீழே

ஊசி குத்தி, ரத்தத்தை ஸ்ட்ரிப்பில் தொட்டு, அந்தச் சின்ன மெஷின் 'பீப்' என்பதற்குள் சில விநாடிகள். சர்க்கரை பார்க்கும் மெஷின்தான், என் விரல்தான். ஆனாலும் காலையில் அந்தச் சத்தம் கேட்டால் போதும், வேங்கிக்காலில் ஓர் அலுவலக வராந்தா, ஒரு மர பெஞ்சு, அதில் பையை மடியில் இறுக்கிக்கொண்டிருந்த ஒரு நர்சம்மா, எல்லாம் வந்துவிடும்.

கர்ப்பிணிகளின் ரத்தசோகை பற்றி மாவட்ட சுகாதார அலுவலர்களுக்கு ஒரு கொள்கைக் குறிப்பு தயாரித்த சமயம் அது. ஆதாரங்களைத் திரட்டியது ஒரு டாக்டரம்மா. தமிழ் மட்டும் என்னுடையது. இரண்டே பக்கம். மூன்றாம் பக்கத்தை எந்த அதிகாரியும் திருப்பமாட்டார் என்று அவர் முதல் நாளே சொல்லிவிட்டார். ஹீமோகுளோபின் பதினொன்றுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை, ஏழுக்குக் கீழே போனால் உயிருக்கே ஆபத்து. பிரசவம் நெருங்கிய பிறகு கண்டுபிடித்தால் மாத்திரைக்கு நேரம் போதாது, நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றவேண்டும். இதெல்லாம் முதல் பக்கத்தில் அடங்கிவிட்டது.

இரண்டாம் பக்கத்தில் ஒரு பட்டியல். எந்தத் துணை சுகாதார நிலையத்தில் ரத்தசோகை கம்மி, எங்கே ஜாஸ்தி. அதைக் கேட்டு வாங்கியவர் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் அதிகாரி. கடைசி இடத்துக்குச் சிவப்பு வண்ணம் தீட்டியவன் நான். பக்கத்தில் 'ரத்தம் வற்றும் ஊர்' என்று எழுதியவனும் நான். அந்த வரியை இரண்டு நாள் மனதுக்குள் உருட்டி உருட்டிச் சுவைத்தேன், வெட்கம் கெட்டவன்.

அன்று கூட்டம் மூன்று மணிக்கு. வராந்தா பெஞ்சில் இருந்த நர்சம்மாவிடம் எந்த ஊர் என்று கேட்டேன். கீழ்பென்னாத்தூர் தாண்டி உள்ளே போகணும் என்றார். அந்தச் சிவப்பு ஊர். விளக்கம் கேட்டுக் கூப்பிட்டிருந்தார்கள். மெமோ வரும், மாற்றலும் வரலாம். பிள்ளை பத்தாம் வகுப்பு, இப்போது எங்கே தூக்கிப் போட்டாலும் கஷ்டம் என்று தரையைப் பார்த்துச் சொன்னார். என் கையில் இருந்த தாளை அவர் பார்த்துவிடக்கூடாதே என்று முதுகுப்பக்கம் மறைத்தேன். பார்த்துவிட்டார்.

"இத எழுதுனது நீங்களா சார்?"

ஆமாம் என்றேன்.

"நான் ஹீமோகுளோபின் மெஷின்ல பாக்கறேன். எட்டுன்னா எட்டுனு எழுதறேன். மத்த நிலையத்து நோட்டையும் ஒருவாட்டி பாருங்க. வயித்துல புள்ளய வெச்சிருக்கற அத்தன பேருக்கும் பதினொண்ணேவா வரும்?"

இரண்டிரண்டு படியாகத் தாவிப் போய் டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் லேப்டாப்பைத் திறந்தார். முதலிடம் பிடித்த நிலையங்களில், கண்ணாடிக் குழாயில் நிறம் ஒத்துப் பார்த்துக் கண்ணால் சொல்லும் பழைய முறை. பதினொன்று, பதினொன்று, பதினொன்று பாயிண்ட் ரெண்டு, மறுபடி பதினொன்று. எல்லைக் கோட்டின் மேல் வரிசையாக உட்கார்ந்த காக்கைகள் போல. நர்சம்மாவின் எண்களோ ஏழரை, ஒன்பது, பன்னிரண்டு என்று மனித உடம்புகளைப் போலச் சிதறிக் கிடந்தன. அந்த முதலிட நிலையங்களின் பெண்கள் பிரசவத்துக்குச் சேர்ந்தபோது ஆஸ்பத்திரியில் எடுத்த அளவுகளும் டாக்டரம்மாவிடம் இருந்தன. பக்கத்தில் வைத்தார். போன மாதம் பதினொன்று என்று எழுதப்பட்ட ஒருத்தி வார்டுக்கு வந்தபோது ஆறரை.

"நானும் இதப் பாக்காம விட்டுட்டேன்" என்றார். சுவர்க் கடிகாரம் மூன்றை நெருங்கிக்கொண்டிருந்தது.

அதிகாரியின் அறைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். நர்சம்மா ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தார். பட்டியலை எடுத்துவிடுகிறேன், இந்த எண்ணை வைத்து யார்மேலும் நடவடிக்கை கூடாது என்பதையே முதல் பரிந்துரையாக வைக்கிறேன் என்றார் டாக்டரம்மா. அதிகாரி சிரித்தார்.

"பட்டியல் இல்லன்னா யாருங்க பயப்படுவாங்க?"

"பயந்துதான் சார் பதினொண்ணுனு எழுதறாங்க."

டாக்டரம்மா லேப்டாப்பை அவர் முன்னால் வைத்தார். அதிகாரி அதைத் தன் பக்கம் திருப்பி, அந்த ஆறரையின்மேல் விரலை வைத்து, பக்கத்தில் இருந்த பதினொன்றையும் பார்த்தார். பிறகு, மெமோ வேண்டாம் என்றார். பட்டியலை எடுங்கள் என்றார். முதலிடம் பிடித்த நிலையங்களில் நாளையிலிருந்து இந்த அம்மாவே மெஷினோடு போய்த் திரும்ப அளக்கட்டும் என்றும் சொன்னார்.

'ரத்தம் வற்றும் ஊர்' என்ற என் வரியை அங்கேயே பேனாவால் அடித்தேன். எழுதியதை அடிப்பது இவ்வளவு சுலபம் என்று அதற்குமுன் தெரியாது.

பஸ் நிறுத்தம்வரை நர்சம்மாவோடு நடந்தேன். தப்பித்தார் என்றுதான் நினைத்தேன். அவர் முகத்தில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. கூட வேலை பார்ப்பவர்கள் எழுதியதைத் தப்பு என்று காட்டப் போகிறவர் அல்லவா. நாளைக்கு யாரும் தண்ணிகூடத் தரமாட்டாங்க என்றார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அதற்குள் பஸ் வந்துவிட்டது. படியில் ஏறி, பையைத் தட்டிக் காட்டினார்.

"மெஷின் இருக்குது சார், ஸ்ட்ரிப்பு காலி. அந்த ரெண்டு பக்கத்துல எடம் இருந்தா அதையும் எழுதிடுங்க."