ஒரு கண் மூடிய படம்

உடும்பு என்று அவளுக்குப் பெயர் வைத்தவர்கள் மற்ற பள்ளி வேன் ஓட்டுநர்கள். முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்ள வைத்த பெயர். ஒருநாள் அது அவள் காதில் விழுந்தது. பேர் நன்றாகத்தான் இருக்கிறது, முகத்துக்கு நேரே கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டாள். அதோடு கிண்டல் செய்தவர்களின் முகம் தொங்கிப்போனது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. பொருத்தமான பெயர்தான். கணவன் விட்டுப்போன வருடம் வண்டி ஓட்டக் கற்று, உரிமத் தேர்வில் நான்கு முறை தோற்று, ஐந்தாம் முறையும் போய் நின்றவள் அவள். தேர்வு அதிகாரியே அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்திருந்தார்.

அவளுக்கு ஒரே தம்பி. லிஃப்ட் மெக்கானிக். ஒரு காய்ச்சல், நான்கு நாள் ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். அவன் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகுதான் ஒரு விஷயம் எல்லோருக்கும் உறைத்தது. குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் போன் தம்பியின் கையில்தான் இருக்கும். எல்லோரையும் நெருங்கி நிற்கச் சொல்லி, சிரிக்கச் சொல்லி எடுத்துத் தள்ளுவான். நூற்றுக்கணக்கான படங்கள் இருந்தன, ஒன்றில்கூட அவன் இல்லை. கிடைத்தது பத்தொன்பது வயதில் ஓட்டுநர் உரிமத்துக்கு எடுத்த படம் ஒன்றுதான். மீசை இல்லாமல், திருட்டு முழி முழித்துக்கொண்டு இருந்தான். தம்பி மனைவி அதைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டினாள். மூன்றரை வயது மகள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இந்த அண்ணா யாரு?" என்று கேட்டாள்.

தம்பி மனைவி சமையலறைக்குள் போய்விட்டாள். குழந்தையின் மனதில் அப்பாவின் முகம் இன்னும் எத்தனை நாள் தங்கும்? அது அழிவதற்குள் குழந்தை அறிந்த முகத்தைச் சுவரில் மாட்டியே தீரவேண்டும் என்று உடும்பு அன்றே முடிவு செய்தாள்.

தம்பியோடு வேலை பார்த்தவர் ஒருவர் எடுத்து எப்போதோ அனுப்பிய வீடியோ அவள் போனில் இருந்தது. இருபத்திரண்டு வினாடி. லிஃப்ட் இயந்திர அறையில் தம்பி குனிந்து ஏதோ முடுக்குகிறான், நிமிர்கிறான், படம் எடுப்பவரைப் பார்த்துச் சிரிக்கிறான், கையை ஆட்டி எடுக்காதே என்கிறான். அதை ஓடவிட்டு, நடுவில் நிறுத்தி, ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு கடைத்தெருவில் இருந்த ஸ்டுடியோவுக்குப் போனாள்.

ஸ்டுடியோக்காரர் நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். முகத்தைத் தெளிவாக்கும் மென்பொருள் ஒன்றில் அதைப் போட்டு, அரை நிமிடத்தில் திரையைத் திருப்பிக் காட்டினார். பளிச்சென்ற ஒரு முகம். வரிசையான பற்கள், ஒரே அளவுக் கண்கள், வழுவழுவென்ற கன்னம். சினிமாவில் இரண்டாம் கதாநாயகனாக நடிக்கலாம்.

உடும்பு அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அழகாத்தான் இருக்குங்க. ஆனா இவன் யாருன்னு எனக்குத் தெரியாது."

அவருக்குச் சுருக்கென்றது. மங்கலான படத்தில் முகத்தின் விவரமே கிடையாது, மென்பொருள் தானாக ஒன்றை ஊகித்து நிரப்புகிறது, அதற்கு மேல் என்ன செய்வது என்று வாதாடினார். விவரம் எங்கே போனது என்று அவள் கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு ஒழுங்காகப் பேசினார். அரட்டை செயலியில் வந்த வீடியோ சுருக்கப்பட்டிருக்கும், அதிலும் நிறுத்தி எடுத்த ஸ்கிரீன்ஷாட் என்றால் இன்னும் மோசம். எடுத்தவரின் போனில் அசல் இருக்கிறதா என்று பாருங்கள் என்றார்.

அசல் இருந்தது. எடுத்தவர் ஆர்வமாக மூன்று முறை அனுப்பினார், மூன்று முறையும் அதே செயலி வழியாக அதே மாதிரி சுருக்கி. டாக்குமெண்டாக அனுப்புங்கள், சுருங்காது என்று ஸ்டுடியோக்காரர் சொல்லிக்கொடுத்ததை அவள் அவருக்குச் சொன்னாள். அவர் வீட்டு ரேஷன் அட்டையை அனுப்பினார். இது வேலைக்கு ஆகாது என்று, மறுநாள் மதியம் வேன் சும்மா நிற்கும் நேரத்தில், லிஃப்ட் கம்பெனியின் கிடங்குக்கே போய் நின்றாள். அவருடைய போனைக் கேபிளில் மாட்டி, அசலைப் பென் டிரைவில் வாங்கிக்கொண்டுதான் கிளம்பினாள்.

அசல் கணினியில் விரிந்தபோது ஸ்டுடியோக்காரரே நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டையில் இருந்த கிரீஸ் கறைகூடத் தெரிந்தது. வினாடிக்கு முப்பது படம், மொத்தம் அறுநூற்றுச் சொச்சம். ஒவ்வொன்றாக நகர்த்தினார்கள். அறையில் வெளிச்சம் போதாததால், தம்பி அசையும் இடமெல்லாம் முகம் இழுபட்டிருந்தது. அவன் அசையாமல் நின்ற நொடி எது என்றுதான் தேடவேண்டும் என்றார் ஸ்டுடியோக்காரர். கண் திறந்திருந்த படங்களை மட்டும் குறித்துக்கொண்டே போனார். எல்லாமே கொஞ்சம் கலங்கல். அவற்றில் ஒன்றைத்தான் தேற்றவேண்டும் என்று பெருமூச்சு விட்டார்.

"நடுவுல கொஞ்சம் தாண்டிப் போயிட்டீங்களே, அது என்ன?" என்றாள் அவள்.

"அது வேஸ்ட் அக்கா. ஒரு கண்ணு மூடியிருக்கு."

"திரும்பப் போங்க."

போனார். தம்பி சிரிப்பின் உச்சியில் ஒரு கணம் அப்படியே நின்றிருந்தான். மீசையின் ஒவ்வொரு முடியும் தெரிந்தது. இடது கண் இறுக மூடியிருந்தது.

"அவன் சிரிச்சா ஒரு கண்ணு மூடிக்கும். பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான். இதான் என் தம்பி. இதான் அவன்."

திறந்த கண்ணை வேறு படத்திலிருந்து எடுத்து ஒட்டித் தரட்டுமா என்று அவர் மெதுவாகக் கேட்டார். அவள் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு அவருக்கும் பிடிவாதம் தொற்றிக்கொண்டது. தம்பி அசையாமல் நின்ற ஏழு படங்களை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று பொருத்திக் கலந்தார். வெளிச்சக் குறைவால் ஒவ்வொன்றிலும் வேறு வேறு இடத்தில் விழுந்திருந்த புள்ளிகள் அடங்கிப்போயின, எல்லாவற்றிலும் பொதுவாக இருந்த முகம் நின்றது. டியூப்லைட்டால் படிந்த பச்சைச் சாயலை எடுத்தார். இரண்டு மடங்கு பெரிதாக்கினார், முகத்தை ஊகித்து நிரப்பும் வேலையை மட்டும் அணைத்து வைத்துவிட்டு. கூர்மையைக் கடைசியில்தான், அதுவும் உப்புப் போடுகிற மாதிரிப் பார்த்துப் பார்த்துக் கூட்டினார். அவள் சுவரை அடைக்கும் அளவுக்குக் கேட்டாள். அவ்வளவு பெரிதாக்கினால் பிசிறிவிடும், எட்டுக்குப் பத்து அங்குலம்தான் தாங்கும் என்று அவர் உறுதியாகச் சொல்ல, வாழ்க்கையில் முதல்முறையாக உடும்பு பிடியைத் தளர்த்தினாள். முகத்தின் ஒரு துண்டை மட்டும் பளபளப்பில்லாத மேட் தாளில் அச்சடித்துப் பார்த்தார்கள். திரையில் இருந்ததைவிட இருட்டாக இருந்தது. வெளிச்சத்தைக் கூட்டி மறுபடி அச்சடித்தார்கள். மூன்றாவது துண்டில் இருவரும் ஒன்றாகத் தலையாட்டினார்கள்.

மாலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, சட்டமிட்ட படத்தோடு தம்பி வீட்டுக்குப் போனாள். தம்பி மனைவி அதை வாங்கிப் பார்த்தாள். ஒரு கண்ணை மூடியிருக்கிறாரே, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் அண்ணி என்று முணுமுணுத்தாள். யார் என்ன நினைத்தாலும் உடும்புக்கு ஒன்றுதான். அவள் பயந்தது கட்டிலுக்கு அடியில் விளையாடிக்கொண்டிருந்த அந்த ஒரு ஆளுக்குத்தான். ஏழு மாதம் என்பது மூன்றரை வயதுக்கு எவ்வளவு நீளம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஆணியில் படத்தை மாட்டினாள். குழந்தையைக் கூப்பிடவில்லை, இது யார் என்று கேட்கவும் இல்லை. சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றாள்.

குழந்தை கட்டிலுக்கு அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்தாள். எழுந்து நின்று சுவரைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சுவருக்குப் பக்கத்தில் போய், படத்துக்கு நேர் கீழே நின்று, தூக்கிக்கொள்ளச் சொல்லி இரண்டு கைகளையும் மேலே நீட்டினாள்.

இப்படி ஒன்று நடக்கும் என்று உடும்பு யோசித்தே இருக்கவில்லை. நீட்டிய கைகள் இறங்காமல் நின்றன. அவள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, அழுதுகொண்டே போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.