ஒரே ஆர்டர், இரண்டு லோடு

மக்களே, அப்பா கம்ப்யூட்டரில் வேலை பார்த்தவர் என்று பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்வீர்கள். அந்த நாற்காலியில் நான் மாட்டிக்கொண்டு முழித்ததை மட்டும் உங்களிடம் சொன்னதில்லை.

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு பிளாஸ்டிக் குழாய் மொத்தக் கடை. குடோனில் குழாய் எண்ணிக்கொண்டிருந்த என்னை முதலாளி அண்ணாச்சி இரண்டு மாதம் கம்ப்யூட்டர் படிக்க வைத்து, ஆபீசில் உட்கார்த்தினார். புரோகிராம் மதுரைக் கம்பெனி ஒன்று எழுதித் தந்தது. ஒரு ஆர்டருக்கு ஒரே பில்தான் அதில் வரும். நூறு குழாய் கேட்டவருக்குக் கொடுக்கக் குடோனில் அறுபதுதான் இருக்கிறது என்றால், நூறுக்கும் பில் போட வேண்டும். அறுபது ஏற்றிய வண்டியில் நூறு குழாய் பில் இருந்தால் வழியில் விற்பனை வரிக்காரர் விடுவாரா? அளவை அறுபது என்று திருத்தினாலோ, ஆர்டர் முடிந்துவிட்டதாக மூடிக்கொள்ளும். மீதி நாற்பது எங்கும் தெரியாது.

நூறு கேட்ட அம்பாசமுத்திரத்துக் கடைக்காரருக்கு அப்படித்தான் அறுபது என்று திருத்தி அனுப்பினேன். எங்கள் குடோனுக்குச் சரக்கு வந்ததும் மீதி நாற்பதுக்குப் புது ஆர்டர் போட்டு ஏற்றிவிட்டேன். லோடு அப்படியே திரும்பி வந்தது. பின்னாலேயே கடைக்காரரின் போன்.

"என்ன வே, உம்ம கம்ப்யூட்டரு தானா ஆர்டர் போடுதோ? நீரு அனுப்புன பேப்பர்ல ஆர்டரும் அறுபது, அனுப்புனதும் அறுபது. பாக்கின்னு ஒண்ணும் இல்லையே! மிச்சத்தத் தென்காசில வாங்கிட்டேன்."

அண்ணாச்சி கத்தவில்லை. "ஏலே, இன்னொரு லோடு திரும்புச்சுன்னா நீ பைய குடோனுக்கே போயிரு" என்றார். வீட்டில் உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்றைக்கே மதுரைக்குக் கடிதம் எழுதினேன். பத்தாவது படித்தவன் எழுத்து. மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். 'ஐயா, ஒரு ஆர்டரை இரண்டு மூன்று தடவையாக அனுப்ப வழி வேண்டும். ஒவ்வொரு தடவையும் அனுப்பிய சரக்குக்கு மட்டும் பில் வர வேண்டும். மீதி அதே ஆர்டர் நம்பரில் நிற்க வேண்டும். கடைசிக் குழாய் போகும்வரை, அல்லது வேண்டாம் என்று நாங்களே முடிக்கும்வரை, ஆர்டரை மூடக் கூடாது.'

பத்து நாள் கழித்து அந்தக் கம்பெனியில் புரோகிராம் எழுதும் பையன் போனில் பேசினான். "சார், லெட்டர் தெளிவா இருக்கு. ஆனா ஒவ்வொரு ஐட்டத்துக்கும் எவ்வளவு போச்சு, எவ்வளவு பாக்கின்னு தனியா வைக்கணும். அதுக்கு பைலையே மாத்தி எழுதணும். ஆறு மாசம் ஆகும். அதுவரைக்கும் ரெண்டு ஆர்டராப் பிரிச்சுப் போட்டுக்கோங்களேன்."

எது என்னைக் கெடுத்ததோ அதையே மருந்தாகச் சொன்னான்.

"என்னலே சொல்லுதான்?" என்றார் அண்ணாச்சி.

"செஞ்சு தாரோம்னு சொல்லுதாங்க அண்ணாச்சி" என்றேன். ஆறு மாதம் என்பதை விழுங்கிவிட்டேன்.

அவர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனார். சீவலப்பேரிக் கடைக்கும் அன்றைக்குக் கேட்டதில் பாதிச் சரக்குதான் போக இருந்தது; அதற்கான பில் அச்சடித்து மேசையில் கிடந்தது. கதவைச் சாத்திவிட்டு, அதன் மேல் ஓரத்தில் பேனாவால் அழுத்தி எழுதினேன்: 'ஆர்டர் முடியவில்லை. முப்பத்தைந்து குழாய் பாக்கி. வேறு நம்பரில் வரும், திருப்பிவிட வேண்டாம்.' மை காயும்வரை ஊதிவிட்டு மடித்து வைத்தேன்.