திருத்தக்கூடிய கோப்பு

ஜனெல் க்ரப் செய்த பயிற்சித்தாளில் பென்சில் வைக்காத இரண்டாம் வகுப்புப் பிள்ளை டென்னசி முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். எங்கள் ஊரைச் சுற்றி நாலு பள்ளிக்கு வேண்டுமானால் சத்தியம் செய்வேன்.

ஜனெல் என் பக்கத்து வீட்டுக்காரி, இரண்டாம் வகுப்பு ஆசிரியை. பள்ளி விட்டதும் ஹார்டுவேர் கடைக்கு ஓடி, இருட்டும் வரை கல்லாவில் நிற்பாள். அந்த வேலையை விட்டுத் தொலைக்கத்தான் பயிற்சித்தாள் விற்க ஆரம்பித்தாள். காலையில் பிள்ளைகள் பையை மாட்டிவிட்டு உட்கார்ந்ததும் செய்கிற கணக்குத் தாள், வருடம் முழுமைக்கும். ஒரு முறை செய்து ஆசிரியர்களுக்கான இணையச் சந்தையில் ஏற்றிவிட்டால் போதும். எங்கோ ஒருத்தி வாங்கி அச்சடித்துக்கொள்வாள், நாளைக்கு இன்னொருத்தி. சந்தைக்காரன் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை அனுப்புவான். முதல் வருடம் கோடை முடியும் சமயம் நன்றாக விற்றது. இரண்டாம் வருடம் அதைவிட நன்றாக. ஜனெல் கடை முதலாளியிடம் போய் ஏப்ரனைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

இந்தத் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. விற்பது பூட்டிய கோப்பு. அதில் ஒரு எழுத்தையும் மாற்ற முடியாது. திருத்தக்கூடிய மூலக் கோப்பைப் பெற்ற தாய்க்கும் கொடுக்கக் கூடாது.

ஜனெல் கொடுத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் பாடம் நடத்தும் டீட்ராவுக்கு. இருவரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"என் பிள்ளைங்க பேர கணக்குல போட்டா எவ்வளவு சந்தோஷப்படும் தெரியுமாடி? அந்தத் திருத்துற கோப்ப அனுப்பேன்," என்றாள் டீட்ரா.

"உனக்கு இல்லாததா," என்று அன்றைக்கே அனுப்பிவிட்டாள் இவள்.

அடுத்த ஜூலைக் கடைசி, ஆசிரியர்கள் எல்லோரும் வாங்கக் குவிகிற நேரம். ஜனெலின் இணையக் கடையில் ஈ ஆடவில்லை. ஆகஸ்டில் வகுப்புத் தொடங்கிய பிறகுதான் கென்டக்கியிலிருந்து ஓர் ஆசிரியை கேள்வி எழுதியிருந்தாள்: "நாய் காலுறை தின்ற கணக்கில் விடை தப்பு. பாதி விலைக்கு வாங்கிய இன்னொரு தொகுப்பிலும் அதே நாய், அதே தப்பு. இரண்டு கடையும் உங்களுடையதா?"

முப்பத்தொன்றில் பதினாலு போனால் பதினேழு. கடன் வாங்கியதைக் குறைக்க மறந்து, விடைத்தாளில் இருபத்தேழு என்று போட்டிருந்தாள் ஜனெல். அந்த இன்னொரு தொகுப்பைக் காசு கொடுத்து வாங்கித் திறந்தாள். ஓரச் சித்திரம் வேறு, படங்கள் வேறு, எழுத்துரு வேறு. கணக்கு அத்தனையும் இவளுடையவை. கடைப் பெயருக்குப் பக்கத்தில் டீட்ராவின் சிரித்த முகம்.

மறுநாள் ஆசிரியர் அறையில், தாளுக்குப் பிளாஸ்டிக் உறை ஒட்டும் லேமினேட்டர் பக்கத்தில், நேராகவே கேட்டாள்.

"என் நாய ஏன்டி வித்த?"

டீட்ரா சூடான தாளை உருவிக்கொண்டே சொன்னாள்: "படமெல்லாம் நான் மாத்தினேனே. ராத்திரி ராத்திரியா உக்காந்து."

"கணக்கு?"

"கழித்தல் என்ன உங்க பாட்டன் சொத்தா? பாடத்திட்டத்துல இருக்கிறதுதானே! நீதானே கேட்டவுடனே குடுத்த?"

"உன் பிள்ளைங்க பேரப் போடத்தானே குடுத்தேன்?"

"போட்டேனே," என்றாள் டீட்ரா, "முதல்ல."

அந்த 'முதல்ல' இவள் நெஞ்சில் எப்படி இறங்கியிருக்கும்! திருடன் வந்தால் கதவைச் சாத்தலாம். சாவியை நாமே கையில் கொடுத்து, காபியும் ஊற்றி உள்ளே அழைத்த ஆளை என்ன செய்வது?

ஜனெல் தன் விடையைத் திருத்திப் புதிய கோப்பை ஏற்றினாள். முன்பு வாங்கியவர்கள் இலவசமாக இறக்கிக்கொண்டார்கள். சந்தைக்காரனுக்குப் புகார் எழுதினாள். டீட்ராவின் தொகுப்பை எடுத்துவிட்டார்கள். ஆனால் எடுத்தது செப்டம்பரில். அதற்குள் வாங்க வேண்டியவர்கள் எல்லோரும் வாங்கி முடித்திருந்தார்கள். ஜனெல் மறுபடி ஹார்டுவேர் கடையில் ஏப்ரன் கட்டிக்கொண்டு ஆணி நிறுக்கிறாள்.

அன்றிலிருந்து அவள் டீட்ராவின் முகத்தில்கூட விழிப்பதில்லை என்று எழுதி முடிக்கப் போனேன். என் சமையலறையில் பிஸ்கட் ரொட்டியைக் கிரேவிக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்த ஜனெல் எட்டிப் பார்த்தாள்.

"அடிச்சி விடாதீங்க, மிஸ் ஓப்பல். தெனமும்தான் பேசுறோம். நேத்து அவளுக்குக் காய்ச்சல், அவ வகுப்புப் பிள்ளைங்களையும் மைதானத்துல நான்தான் பாத்துக்கிட்டேன். இன்னிக்கு வந்ததும், புதுசா ஏதாவது பண்றியான்னு கேட்டா. ஒண்ணும் இல்லடின்னு சொல்லிட்டு, கம்ப்யூட்டர மூடிட்டேன்."