கொதித்த பேட்டரிக்கு ஃபேன்

கடலூருக்குப் பக்கத்து மீனவர் கிராமத்துச் சமுதாயக்கூடத்தில் சோலார் பேட்டரிகளைக் கவனிப்பது என் வேலை. சார்ஜ் கன்ட்ரோலரில் 14.4 வோல்ட்டில் அப்சார்ப்ஷன் என்ற முழு சார்ஜ், நிறைந்ததும் 13.6-இல் அதைக் குறையாமல் காக்கும் ஃப்ளோட், மாதம் ஒருமுறை 15.5-இல் ஈக்வலைசேஷன் என்ற கூடுதல் சார்ஜ் என்று வைத்திருந்தேன். அந்த ஈக்வலைசேஷனில் அமிலம் குமிழிட்டுக் கலந்தால்தான் அடியில் தங்காது. கூடத்துக் காவலாளியோ குமிழிடும் சத்தம் கேட்டதும் பட்டனை அழுத்தி நிறுத்திவிடுவார்.

"கொதிக்குது சார், வெடிச்சிடப் போவுது."

கத்தாத குறையாக விளக்கிவிட்டு வந்தேன். அடுத்த மாதம் கடலூர் செம்மண்டலத்திலிருந்து உச்சி வெயிலில் வண்டி ஓட்டிக்கொண்டு போனால், ஈக்வலைசேஷன் ஓடியும் வோல்டேஜ் பதினான்கைத் தாண்டவில்லை.

"பட்டனத் தொடவே இல்ல சார். சூடு தணியட்டும்னு ஃபேன் மட்டும் போட்டுவுட்டேன்" என்றார்.

பேனல் தந்த கரண்ட்டையெல்லாம் தின்றபடி, பேட்டரிகளுக்கு நேராக அந்த ஃபேன் சுழன்றுகொண்டிருந்தது.