துண்டில் ஒட்டிய பாசி

ஆவுடைநாயகம் அருவிப் பாறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு ஒடிந்து கிடந்தபோது, அவன் வீட்டு எருமைகள் இரண்டும் ஒரு நாள்கூட அழுக்கோடு நிற்கவில்லை. விடிந்து பார்த்தால் கருங்கல் கணக்காக மினுங்கிக்கொண்டு நிற்கும். குளத்துக்கு ஓட்டிப் போய்க் குளிப்பாட்டிக் கொண்டுவந்து கட்டியது ஞானதுரை. ஆவுடைநாயகத்துக்கும் அவன் சம்சாரம் செண்பகவல்லிக்கும் தவிர ஊரில் ஒருவருக்கும் அது தெரியாது. சொல்லக் கூடாது என்று படுக்கையில் கிடந்தபடியே ஆவுடைநாயகம் சத்தியம் வாங்கியிருந்தான். "எம் மாட்டை இன்னொருத்தன் தேய்க்கிற நெலமைக்கு வந்துட்டேன்னு ஒரு பய சிரிக்கக் கூடாதுலே" என்று அவன் அழுததைப் பார்த்தபிறகு ஞானதுரையால் யாரிடம்தான் சொல்ல முடியும்?

இரண்டு பேரும் ஐந்தருவியில் எண்ணெய் தேய்த்துவிடும் தொழில்காரர்கள். சாரல் விழ ஆரம்பித்தால் கை ஓயாது. ஞானதுரையின் கை சூடு யாருக்கும் வராது என்று வெளியூர்க்காரர்கள் தேடி வருவார்கள். "நம்ம அருவித் தண்ணி படாத நோயி உண்டுமா அண்ணாச்சி?" என்று சொல்லிச் சொல்லித்தான் தலையில் எண்ணெய் வைப்பார்.

அவருடைய மனைவி ரெபேக்காளுக்கு எருமை விஷயம் தெரியாது. துண்டு மட்டும் தெரியும். அருவியில் குளித்த துண்டில் எண்ணெய் வாடைதான் அடிக்கும். இப்போதோ சேற்று வாடை. ஓரத்தில் பச்சைப் பாசி. ஒருநாள் விடியுமுன்னே பால் வாங்கப் போனவள், செண்பகவல்லி வீட்டுப் பின்வாசலிலிருந்து தலை ஈரம் சொட்ட அவர் வெளியே வருவதைப் பார்த்துவிட்டாள். பால் வாங்காமலே திரும்பினாள். கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்ற பயம். துண்டைத் துவைத்துக் காயப்போட்டாள். ஆராதனையில் முழங்கால் போடும்போதெல்லாம் அந்தப் பின்வாசல்தான் கண்ணில் வந்து நின்றது.

அப்போதுதான் ஞானதுரைக்கு வலது மூக்கு அடைக்க ஆரம்பித்தது. சாரல் சளி என்றார். ஆவி பிடித்தார். இடது பக்கம் நன்றாக மூச்சு வந்தது, வலது பக்கம் மட்டும் கதவு சாத்தினாற்போல. பிறகு ரத்தம். சும்மா இருக்கும்போதே சொட்டும். ஒருநாள் மதுரைக்காரர் ஒருவர் முதுகில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கையில் இரண்டு சொட்டு அவர் முதுகிலேயே விழுந்துவிட்டது. அவர் துள்ளி எழுந்தார். "நோய்க்காரனையெல்லாம் வேலைக்கு விடுறீங்களே!" என்று போட்ட சத்தத்தில் வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஞானதுரை எண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி தலை குனிந்து நின்றாராம். பக்கத்தில் இருந்தவர்கள் சொல்லித்தான் ரெபேக்காளுக்குத் தெரிந்தது. மறுநாளிலிருந்து அவர் வேலைக்குப் போகவில்லை.

அவள்தான் கூட்டிக்கொண்டு போனாள். தென்காசியில் அவர்கள் வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் சண்முகப்பிரியா டார்ச் அடித்துப் பார்த்தார். கழுத்தில் கட்டி இருக்கிறதா என்று தடவினார். ரத்த அழுத்தம் பார்த்தார். கன்னம் மரத்துப்போகிறதா, பார்வை இரண்டாகத் தெரிகிறதா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எதுவும் சாப்பிடுகிறாரா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை.

"கொளத்துல குளிப்பீங்களா அண்ணாச்சி? மாடு குளிக்கிற தண்ணியில?"

ஞானதுரை ஒரு நொடி ரெபேக்காளைப் பார்த்தார்.

"கொளமா? நான் அருவிக்காரன்லா டாக்டரம்மா. அருவியிலதான் குளிப்பேன்."

ரெபேக்காள் தன் சேலை முந்தியைப் பார்த்தாள். பாசி ஒட்டிய துண்டு அவள் கண்ணுக்குள் இருந்தது. வாய் திறக்கவில்லை. திறந்தால் செண்பகவல்லி வீட்டுப் பின்வாசலும் சேர்ந்து வெளியே வந்துவிடும்.

டாக்டரம்மா கடிதம் எழுதி, எழுதியதைத் தமிழிலும் சொன்னார். "மூக்கு ஆபரேஷன் டாக்டர் குமரகுருவுக்கு எழுதியிருக்கேன். வலது பக்கம் மட்டும் அடைப்பு, அடிக்கடி ரத்தம். உள்ள செவப்பா ஒரு சதை தெரியுது, நான் தொட்டுக் கிளறல. குளத்துல குளிக்கிற வழக்கம் இல்லைன்னு சொல்லுதாவ. உள்ள கேமரா விட்டுப் பாத்து, ஸ்கேன் எடுத்து, சதையப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லியிருக்கேன். ஒரு பக்கம் மட்டும் அடைச்சு ரத்தம் வந்தா சளின்னு விடக் கூடாது. புத்து இல்லைன்னு உறுதி பண்ணணும். தள்ளிப் போடாதிய."

புற்று என்ற சொல் பஸ் ஏறும்வரை ரெபேக்காளின் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. பஸ்ஸில் ஞானதுரை ஜன்னலோரம் உட்கார்ந்து கடித உறையை மடியில் வைத்திருந்தார். இத்தனை நாள் இந்த மனுசன் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் சோறு போட்டிருக்கிறோமே என்று அவள் தன்னையே நொந்துகொண்டாள். ஆனாலும் கேட்கவில்லை.

குமரகுரு டாக்டர் கடிதத்தை முழுதாகப் படித்தார். மூக்கில் மரத்துப்போக மருந்தடித்து, மெல்லிய கேமராக் குழாயை விட்டார். டிவியில் தெரிந்தது. சிவந்த பழத்தின்மேல் ரவையைத் தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள். டாக்டர் நெற்றியைச் சுருக்கினார்.

"பாத்தா கொளத்துத் தண்ணியால வர்ற சதை மாதிரிதான் இருக்கு. ஆனா கடிதத்துல குளத்துல குளிக்கலைன்னு இருக்கு. அப்பம் வேற கட்டியையும் மனசுல வைக்கணும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க அண்ணாச்சி. கொளம், குட்டை எதுலயுமே முங்கலையா?"

"இல்லைய்யா. அருவிதான்."

"பொய்யிய்யா."

ரெபேக்காளுக்கே தன் குரல் அந்நியமாகக் கேட்டது. "தெனமும் கொளத்துலதான் குளிக்காரு. துண்டுல பாசி இருக்கும். நாந்தான் தொவைக்கேன். அங்கன டாக்டரம்மா கேட்டப்பமே எனக்குத் தெரியும். வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன்."

ஞானதுரை காது வரை சிவந்துபோனார். பிறகு மெதுவாகச் சொன்னார், டாக்டரிடம் அல்ல, தரையைப் பார்த்து. ஆவுடைநாயகத்தின் இடுப்பு, எருமைகள், சத்தியம். "சின்ன எருமை ஆழத்துக்குப் போயிரும்யா. முங்கித்தான் இழுத்துட்டு வரணும். மூக்குல தண்ணி ஏறும்."

"இதச் சொல்ல என்ன வெக்கம் அண்ணாச்சி?" என்றார் டாக்டர்.

"அருவித் தண்ணி அமுதம்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டு, கொளத்துச் சேத்துல முங்குதேன்னா சொல்லச் சொல்லுதீங்க? இவ வேற பக்கத்துல இருந்தா. சத்தியத்த மீறின மாதிரி ஆயிரும்லா."

டாக்டர் சிரித்துவிட்டார். "ஒரு எருமைக்காக என் மண்டையக் கொழப்பிட்டீங்களே!" பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார். ஸ்கேன் எடுக்க வேண்டும். சதையை எடுத்து அது ஒட்டியிருந்த வேர் இடத்தைச் சுட்டுவிட வேண்டும், நிறைய ரத்தம் வரக்கூடிய சதை என்பதால் அதற்குத் தயாராக இருக்க வேண்டும். எடுத்ததைப் பரிசோதித்தபிறகுதான் புற்று இல்லை என்று உறுதி சொல்ல முடியும். "ஆளுக்கு ஆள் ஒட்டாது, பயப்படாதிய. ஆனா திரும்ப மொளைக்கக்கூடிய சாதி. இனிமே குளத்துல கால் வைக்கப்படாது."

வெளியே வராந்தாவில் ரெபேக்காள் உட்கார்ந்தாள். கண்ணைத் துடைக்கத் தோன்றவில்லை. பாம்புக்குட்டியைப்போல ஒரு சந்தேகத்தை இத்தனை நாள் மடியில் வைத்து வளர்த்திருக்கிறாள். அதையும் சுமந்துகொண்டு ஞாயிறுதோறும் கர்த்தரின் பந்தியில் அப்பம் வாங்கவும் போயிருக்கிறாள்.

"நான் ஒங்கள என்ன நெனச்சேன் தெரியுமா?" என்றாள்.

"தெரியும்டி. பால் வாங்காம திரும்பினியே, பாத்தேன்."

"பாத்துட்டும் ஏன் சொல்லல?"

"நீ கேக்கல. கேட்டிருந்தா பொய் சொல்ல வேண்டியதிருக்கும். கேக்காம இருந்தியே, அதுவே போதும்னு இருந்தேன்." ரத்தம் கசியாமலிருக்க டாக்டர் மூக்கில் திணித்திருந்த பஞ்சால் குரல் உடைந்து கேட்டது. "எனக்கும் கேவலமாத்தான் இருந்துச்சு."

ஆபரேஷனுக்கு முந்தின நாள் ரெபேக்காள் ஆவுடைநாயகம் வீட்டுக்கு முன்வாசல் வழியாகப் போனாள். செண்பகவல்லி பதறி எழுந்தாள். ரெபேக்காள் எதையும் விளக்கவில்லை. "மாட்டை இனிமே நான் பாத்துக்கிடுதேன் மைனி. கொளத்துக்கு வேண்டாம், அடிபம்பு தண்ணியில தேச்சிருவேன். அண்ணன்ட்ட, யாருக்கும் தெரியாதுன்னு சொல்லிருங்க" என்றாள். செண்பகவல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தை ரெபேக்காளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

எடுத்த சதையில் புற்று இல்லை, குளத்து நோய்தான் என்று பிறகு முடிவு வந்தது. ஞானதுரை திரும்பவும் ஐந்தருவிக்குப் போனார். ஆனால் ஆபரேஷன் அன்று காலை அதெல்லாம் தெரியாது. பச்சைத் துணி உடுத்தி, தள்ளுவண்டியில் கிடந்தார். நர்ஸ் வண்டியைத் தள்ளத் தொடங்கினாள். ரெபேக்காள் கூடவே நடந்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ராத்திரியெல்லாம் சேர்த்துவைத்த வார்த்தைகளில் ஒன்றுகூட இப்போது நினைவில் இல்லை. ஜெபம்கூட வரவில்லை. தியேட்டர் கதவில் நர்ஸ் கையைக் காட்டி அவளை நிறுத்தினாள்.

அவர் தலையை லேசாகத் தூக்கினார்.

"ஏட்டி, சின்ன எருமைக்கு மொதல்ல முகத்துல தண்ணி ஊத்திராத. அதுக்கு ரொம்பக் கூச்சம். முதுகுலேருந்து ஆரம்பி."